டொராண்டோவுக்குப் பதில் மாமல்லபுரம்

டிசம்பர் 25, வியாழன்

இந்த வருட அரையாண்டு விடுமுறைக்கு டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் அண்ணா வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவானது நவம்பர் நடுவில்தான். நான்கு பேருக்கு டிக்கெட் பார்த்தோம். ஒரு ஆளுக்கு ஒன்று அறுபது, அதுவும் வளைகுடாவில் ஏழு மணி நேரம் காத்திருந்து ஏறும் டிக்கெட். ஆறரை லட்சம் கொடுத்துப் போனாலும் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒன்பது பத்து நாள் லீவு. போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் பனிக்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். சின்னவனுக்கு அந்த ஊர் இரவில் தூக்கம் பிடிக்கவே நான்கைந்து நாள் ஆகும். பிடிக்கும்போது பெட்டி கட்ட வேண்டும். இதில் அம்மா வேறு யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்திருக்கிறா. அவவுக்குக் கனடா விசா இல்லை. திருவான்மியூர் பிளாட்டில் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது.

நாங்கள் சென்னைக்கு வந்தது இவருடைய வேலைக்காக. நான் பிறந்தது யாழ்ப்பாணம், வளர்ந்தது ஸ்கார்பரோ. பிள்ளைகளைப் பொறுத்தவரை ஊர் என்றால் மாமா வீடும் அதன் பின்னால் இருக்கும் பனிச்சறுக்கு மேடும்தான். "மாமல்லபுரமா? அது பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போற இடம்" என்றாள் மகள். பதின்மூன்று வயது, எதையும் இலேசில் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

புத்தாண்டு இரவை ஒட்டி ஈ.சி.ஆர். விடுதிகளில் வாடகை இரண்டு மடங்காகும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தா. அதனால் 29-ம் தேதியே திரும்பும்படி வைத்துக்கொண்டோம்.

காலையில் 588 பஸ். கிறிஸ்துமஸ் கூட்டம் கோவளத்தில் பாதி இறங்கிவிட, அதன்பிறகு உட்கார இடம் கிடைத்தது. புதுச்சேரி போகும் பஸ்ஸில் ஏறினால் புறவழிச் சாலையிலேயே இறக்கிவிடுவார்கள். மாநகரப் பேருந்து ஊருக்குள்ளேயே போகும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் இதைக் கவனித்தே ஏறினோம்.

போனில் பேசி வைத்திருந்த ஒரு சின்ன லாட்ஜுக்குப் போனால், வரவேற்பில் இருந்த தம்பி "ஆதார் கொடுங்க சார்" என்றார். இவர் ஐந்து பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்தார். நான்கு கனடா, ஒன்று இலங்கை. அந்தத் தம்பியின் முகம் மாறிவிட்டது. "சார், தமிழ்ல பேசுறீங்களேன்னு நெனச்சேன். ஃபாரினர்ஸ் எடுக்க மாட்டோம் சார்."

அவர் மேல் தப்பில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு யார் வந்து தங்கினாலும், விடுதிக்காரர் அவர்களுடைய பாஸ்போர்ட், விசா விவரத்தை ஃபார்ம் சி என்கிற படிவத்தில் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு விடுதி முன்கூட்டியே குடிவரவு அலுவலகத்தில் பதிந்து கணக்கு வாங்கியிருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு வெள்ளைக்காரர்கூட வராத லாட்ஜுக்கு அந்த வேலை எதற்கு? பதியாமல் தங்கவைத்து மாட்டினால் அவருக்குத்தான் வழக்கு. ஆன்லைன் செயலிகளில் அறை காலியாகத்தான் காட்டும். வாசலுக்கு வந்த பிறகுதான் இது தெரியும். எங்களைப்போல் இந்தியாவில் தங்கியிருக்கும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் போனில் முதலில் கேட்க வேண்டியது வாடகையை அல்ல, "ஃபார்ம் சி போடுவீங்களா?" என்பதைத்தான்.

அம்மா வாசல் படியில் உட்கார்ந்தபடி, "உந்தப் பெடியன் கதைக்கிற தமிழைவிட என்ர தமிழ் நல்லாத்தானே இருக்கு. நான் எப்ப ஃபாரினர் ஆனனான்?" என்றா. தம்பிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரே ஆட்டோ பிடித்து ஒத்தவாடைத் தெருவுக்கு அனுப்பிவைத்தார். ஐரோப்பியப் பயணிகள் வந்து மாதக்கணக்கில் தங்கும் தெரு அது. அங்கே ஃபார்ம் சி என்றதும் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பாஸ்போர்ட்டை வாங்கி போட்டோ எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள். இரண்டு அறை, ஒவ்வொன்றும் 2,400. மாடியிலிருந்து கடல் தெரியாது, இரைச்சல் கேட்கும்.

டிசம்பர் 26, வெள்ளி

ஐந்து ரதங்கள். தொல்லியல் துறையின் டிக்கெட் கவுண்டரில் எங்கள் குடும்பம் மூன்றாகப் பிரிந்தது.

இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. பதினைந்து வயதுக்குக் கீழே யாராக இருந்தாலும் இலவசம். ஆனால் சார்க் நாட்டுக் குடிமக்களுக்கு இந்தியருக்கான கட்டணம்தான். ஆக இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் அம்மாவுக்கு 40, எனக்கும் இவருக்கும் 600, பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 1,240. "வாயைத் திறந்து தமிழில் கேட்டால் நாற்பதுக்கே தருவார்கள்தானே" என்றாள் மகள். தந்திருப்பார்கள், எங்களுக்கு முன்னால் நின்றவரிடம் எந்த அட்டையும் கேட்கவில்லை. இவர் பாஸ்போர்ட்டை நீட்டினார். முதல் நாள் லாட்ஜில் வெளிநாட்டுக்காரராக இருந்துவிட்டு இன்றைக்கு இங்கே உள்ளூர்க்காரராக முடியாது என்பது அவருடைய நியாயம். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். அன்றைக்கே கடற்கரைக் கோயிலுக்கும் அதே டிக்கெட் செல்லும். அறுநூறு கொடுத்தவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதுதான் கணக்கு.

உள்ளே போனதும் பெரும்பாலானோர் யானைக்கும் சிங்கத்துக்கும் பக்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டு இருபது நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். எங்களுக்கு அப்படி முடியாமல் போனதற்குக் காரணம் மகன். "இதை எங்கேயிருந்து கொண்டு வந்து வச்சாங்க?" என்று கேட்டான். எங்கேயிருந்தும் கொண்டு வரவில்லை என்பதை அவனுக்குப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனது.

வடக்கு வாசல் பக்கம் நின்று வரிசையாகப் பார்த்தால் புரியும். முதலில் சின்ன திரௌபதி ரதம், அடுத்து அர்ச்சுனன், பிறகு நீளமான பீமன், கடைசியில் உயரமான தருமராசர். தெற்கே போகப் போக உயரம் ஏறுகிறது. இங்கே கிடந்தது வடக்கில் தாழ்ந்து தெற்கில் உயர்ந்த ஒரே நீளப் பாறை. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் எவ்வளவு உயரம் இருந்ததோ அதற்கேற்ற கோயிலைச் செதுக்கியிருக்கிறார்கள். திரௌபதி ரதத்துக்குக் கூரை ஓலைக்குடிசை மாதிரி இருக்கிறது. குறைந்த உயரத்தில் அதற்குத்தான் இடம். நகுல சகாதேவ ரதம் மட்டும் வரிசையைவிட்டு மேற்கே விலகி நிற்கிறது. அதன் பின்புறம் வளைந்து யானையின் முதுகைப்போல் இருப்பதைத் தூங்கானை மாடம் என்பார்கள். பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் செய்து வைத்திருக்கிறார்கள், பார்த்து ஒப்பிட்டுக்கொள் என்பதுபோல. பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெயரெல்லாம் பின்னால் வந்தது. தருமராசர் ரதத்திலேயே இது அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம் என்று பல்லவர் காலத்து எழுத்தில் வெட்டியிருக்கிறது. சிவன் கோயில்.

இனி அம்மாவின் கேள்வி. "கீழுக்கு ஏன் பிள்ளை முடிக்காமல் விட்டவை?"

நான் கவனிக்காததை அவ கவனித்துவிட்டா. பீமன் ரதத்தின் மேல் தளம் மெழுகிவைத்ததுபோல் சுத்தமாக இருக்கிறது. கீழே தூண்களுக்குப் பின்னால் போனால் சுவர் கரடுமுரடாக, உளி பட்ட இடமெல்லாம் அப்படியே கிடக்கிறது. தருமராசர் ரதத்திலும் மேல் தளங்களில் சிற்பம் நிறைந்திருக்க, கீழ்த்தளத்தில் கருவறையைக் குடையும் வேலை பாதியில் நிற்கிறது. கட்டடம் கட்டுகிறவன் அடித்தளத்திலிருந்து மேலே போவான். பாறையைக் குடைகிறவன் உச்சியிலிருந்துதான் இறங்கியாக வேண்டும். முதலில் கீழே வெட்டினால் மேலே நின்று வேலை செய்ய இடமிருக்காது, மேலிருந்து விழும் சில்லு முடித்த சிற்பத்தை உடைக்கும். அதனால்தான் வேலை நின்றுபோன எந்த ரதத்திலும் குறை அடியிலேயே இருக்கிறது.

வெட்டிய விதத்தைப் பார்க்க இன்னும் நல்ல இடம் ஊரின் மேற்கே இருக்கும் பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும். டிக்கெட் இல்லை, கூட்டமும் இல்லை. ஆட்டோக்காரரே "அங்க என்னா இருக்கு?" என்றுதான் கேட்டார். அங்கேயும் மேல்பாதி கோயில், கீழ்ப்பாதி வெறும் பாறை. முடிக்காத குகைகளில் சுவரைத் தொட்டுப் பார்த்தால் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டது தெரியும். கருங்கல்லை ஒரே அடியில் எடுக்க முடியாது. முதலில் நெடுக்கும் குறுக்குமாக ஆழமான வரிப்பள்ளம் வெட்டுவார்கள். நடுவில் மேடாக நிற்கும் சதுரத்தைப் பக்கவாட்டில் தட்டினால் அது பெயர்ந்துவரும். ஒரு அடுக்கு போனதும் திரும்பக் கட்டம். இப்படியே உள்ளே போவது. மகன் ஒரு கட்டத்தில் கையை வைத்துப் பார்த்தான். அவன் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது.

மாலை கடற்கரைக் கோயில், அதே டிக்கெட்டில். ரதங்களைச் செதுக்கத் தொடங்கியவர் 7-ம் நூற்றாண்டு மாமல்லன் என்றால், இதைக் கட்டியவர் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ராசசிம்மன். இது பாறையில் குடைந்ததல்ல, கல்லை அடுக்கிக் கட்டியது. இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே படுத்திருக்கும் பெருமாள் மட்டும் அங்கேயே கிடந்த பாறையில் செதுக்கியவர். சுவர்ச் சிற்பங்கள் முகம் மழுங்கிப் போயிருக்கின்றன. உப்புக்காற்று கல்லுக்குள் இறங்கி, உலரும்போது உப்பு படிகமாகி மேல்பரப்பைப் பெயர்த்துவிடுகிறது. தொல்லியல் துறையினர் அவ்வப்போது ஈரக் காகிதக்கூழை அப்பி, உப்பை அதில் உறிஞ்சவைத்து எடுக்கிறார்கள். கடல் பக்கம் பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள்.

இரவு ஏழு மணிக்கு அண்ணா வீடியோவில் வந்தார். அங்கே காலை எட்டரை. கையில் காப்பி, ஜன்னலுக்கு வெளியே வெள்ளை. "வராமல் விட்டிட்டீங்கள்" என்றார். கோபமா இல்லையா என்று அந்தச் சின்னத் திரையில் கண்டுபிடிக்க முடியவில்லை.

டிசம்பர் 27, சனி

அர்ச்சுனன் தபசு. சுமார் முப்பது மீட்டர் நீளப் பாறைச் சுவர் முழுக்க யானை, தேவர், வேடர், சிங்கம். நடுவே ஒரு பிளவு, அதில் நாகர்கள். மேலே தொட்டியில் தண்ணீர் நிறைத்து அந்தப் பிளவில் விழவிட்டிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம் இருக்கிறது. தண்ணீர் இறங்கியதால் இது கங்கையை இறக்கிய பகீரதன் தவம் என்று ஒரு கட்சி, பாசுபதம் வாங்கப் போன அர்ச்சுனன் என்று மற்றொன்று. அம்மா பகீரதன் கட்சி.

பிள்ளைகளோடு போகிறவர்கள் யானைத் தந்தத்துக்குப் பக்கத்தில் பூனையைத் தேடச் சொல்லுங்கள். அது பின்னங்காலில் நிமிர்ந்து நின்று முன்னங்கைகளை மேலே தூக்கி, மேலே இருக்கும் தபசியைப்போலவே தவம் செய்கிறது. வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறது. காலடியில் எலிகள் நம்பி விளையாடுகின்றன. அரசன் காசு கொடுத்துச் செய்வித்த இவ்வளவு பெரிய பக்திச் சுவரில் ஒரு போலிச் சாமியாரையும் வைத்தவன் யாரோ, அவனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதற்கு எதிர்ப்பக்கம், கீழே, பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் ஒன்று இருக்கிறது. மகள் அதைத்தான் பத்துப் படம் எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கூட்டிவந்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று காட்டவில்லையாம்.

சிற்பக்கூடங்கள் இருக்கும் சாலையில் இப்போது உளிச்சத்தத்தைவிடக் கட்டர் மெஷின் சத்தமே அதிகம். பெரிய கல்லை மெஷினில் வகுந்து, முகமும் விரலும் மட்டும் கையால் என்றார் ஒரு சிற்பி. அவர் படித்தது 1957-ல் தொடங்கிய இங்குள்ள அரசு சிற்பக் கல்லூரியில். மெஷினில் எழும் தூசி உளியில் வருவதைவிட மெல்லியது, நுரையீரலுக்குள் போய்த் தங்கும். தண்ணீர் ஊற்றி அறுத்தால் தூசி அடங்கும். பாதிப் பேர் முகத்தில் வெறும் துண்டுதான் கட்டியிருந்தார்கள்.

கடலில் இறங்கவில்லை. வடகிழக்குப் பருவத்தில் இந்தக் கரையில் உள்ளே இழுக்கும் நீரோட்டம் பலமாக இருக்கும். அலை உடையும் வெள்ளைக் கோட்டுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அலையில்லாமல் அமைதியாகத் தெரிந்தால், நீர் திரும்பிப் போகும் வழி அதுதான். நீந்தத் தெரியாதவர்கள் போய் நிற்பதும் பெரும்பாலும் அந்த அமைதியான இடத்தில்தான். கரையில் நின்று காலை நனைத்ததோடு சரி.

டிசம்பர் 28, ஞாயிறு

வடநெம்மேலி முதலைப் பண்ணை. திங்கட்கிழமை விடுமுறை என்பதால் இன்றைக்கே. 1976-ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. முதலைகள் அசையாமல் வாயைப் பிளந்து கிடக்க, மகன் பத்து நிமிடத்தில் சலித்துவிட்டான். எங்களை மதியம் வரை நிறுத்திவைத்தது அதே வளாகத்தில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்.

தாழ்வான மண் தொட்டி ஒன்று, சுற்றிலும் நாம் உட்காரப் படி. தொட்டிக்குள் வரிசையாக மண்பானைகள், வாயைத் துணியால் கட்டி. இருளர் பெரியவர் ஒருவர் வெறுங்காலோடு உள்ளே இறங்கி, ஒரு பானையின் துணியை அவிழ்த்துக் கம்பியால் லேசாகச் சாய்த்தார். கண்ணாடி விரியன் வெளியே வந்து சுருண்டு, குக்கர் ஆவி விடுவதுபோல் சீறியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உது எங்கட புடையன் எல்லோ!" என்றா.

முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் இருளர். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு தோல் வியாபாரம் நின்றுபோக, 1978-ல் இந்தச் சங்கம் வந்தது. வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கையில், நான்கு வகைதான் பிடிக்கிறார்கள்: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஒரு பாம்பைச் சில வாரமே வைத்திருப்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவை போல நஞ்சு எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டி, காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அடையாளம் இருக்கும் பாம்பு திரும்ப மாட்டினால் பிடிப்பவர் விட்டுவிட வேண்டும். செதில் சட்டை உரிக்க உரிக்க வளர்ந்து அந்த அடையாளம் மறையும். அதற்குள் பாம்பும் தேறியிருக்கும்.

எடுப்பது இப்படி. சின்னக் கண்ணாடிக் குவளையின் வாயில் மெல்லிய தோல்போன்ற உறை. பாம்பின் கழுத்தைப் பிடித்துக் குவளை விளிம்பில் கடிக்கவைத்ததும் பல் உறையைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. மஞ்சளாக ஒன்றிரண்டு சொட்டு. அவ்வளவுதான். பின்பு அதை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். அவர்கள் குதிரைக்கு மிகக் குறைந்த அளவில் ஏற்றிக்கொண்டே வந்து, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள்.

அம்மாவுக்கு ஒரு கேள்வி இருந்தது. சின்ன வயதில் அவவின் தம்பியைப் புடையன் கடித்து யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்த மருந்து எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இலங்கை ஆஸ்பத்திரிகளில் இந்தியாவில் செய்த மருந்தைத்தான் பயன்படுத்திவருகிறார்கள். அங்குள்ள பாம்பின் நஞ்சு இங்குள்ளதோடு அப்படியே பொருந்தாது என்பதால் கூடுதல் குப்பிகள் ஏற்ற வேண்டியும் வரும், ஒவ்வாமையும் அதிகம். தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சில் செய்த மருந்துக்கு ராஜஸ்தானில்கூட இதே சிக்கல் உண்டு. இதைச் சொன்னதும் அம்மா தொட்டியில் இருந்த பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டா. அவர் பானை வாயைக் கட்டிக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார்.

டிசம்பர் 29, திங்கள்

அம்மாவுக்காகத் திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பினோம், வாடகைக் காரில். மலைக்கோயிலுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படி. அம்மா அடிவாரத்துத் தாழக்கோயிலிலேயே இருந்துகொண்டு தேவாரம் பாடினா. நாங்கள் நால்வரும் ஏறினோம். உச்சியில் நண்பகலில் இரண்டு கழுகு வந்து பிரசாதம் உண்ணும் என்று அம்மா கேட்டிருந்த கதை உண்மைதான். ஆனால் அவை வருவது நின்று பல வருடமாகிவிட்டது என்றார் அர்ச்சகர். அதை இறங்கிவந்து சொல்லும் வேலையை மகளிடம் தள்ளிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இவர் கணக்குப் போட்டார். அறைகள் 19,200. சாப்பாடு பதினாறாயிரம். அதில் மீன் மட்டும் பாதி இருக்கும். ஆட்டோ, கார், பஸ் ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் கூட. டிக்கெட்டும் மகன் வாங்கிய மாவுக்கல் ஆமையும் சேர்த்து ஐந்தாயிரம். ஐம்பதாயிரத்துக்குள் அடங்கிவிட்டது.

மீதிப் பணத்தில் கோடை லீவுக்குப் போகலாமே என்று அண்ணாவிடம் சொன்னேன். எங்கள் பிள்ளைகளுக்கு லீவு ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடியும் வரை. அவருடைய பிள்ளைகளுக்கு ஜூன் கடைசியில்தான் பள்ளி மூடும். நாங்கள் மே மாதம் போனால் மாமா வீட்டுப் பிள்ளைகள் பகலெல்லாம் வகுப்பில் இருப்பார்கள். அவர்கள் ஜூலையில் வந்தால் எங்களுடையது வகுப்பில். நடு மார்ச்சில் ஒன்டாரியோவில் ஒரு வாரம் விடுமுறை விடுவார்கள். அப்போது தாங்கள் வருவதாக அண்ணா சொல்கிறார். மகளுக்கு அந்த வாரம் முழு ஆண்டுத் தேர்வு. அட்டவணை இன்னும் வரவில்லை, பள்ளியில் கேட்டிருக்கிறேன்.